பேக்லாக், ஸ்பிரிண்ட், பிளாக்கர்: முதல் வேலையில் ஜிராவைப் படிப்பது எப்படி

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மடிக்கணினியும் மின்னஞ்சலும் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர், அணியின் வேலைகளைப் பதிந்து பின்தொடர உதவும் ஜிராவின் இணைப்பை அனுப்புவார். திறந்தால் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகள். மறுநாள் காலைக் கூட்டத்தில் "அது பேக்லாக்ல கிடக்கு", "இந்த ஸ்பிரிண்ட்ல எடுக்கல", "நான் பிளாக் ஆகியிருக்கேன்" என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். எல்லாம் கேள்விப்பட்ட சொற்கள்தான். ஆனால் அவற்றைக் கேட்டதும் நாம் திரையில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

சொல்லுக்குச் சொல் விளக்கம் படிப்பதைவிட ஒரே ஒரு டிக்கெட்டின் பின்னால் போய்ப் பார்ப்பது எளிது. கற்பனையான ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மின்கட்டணம், வரி போன்றவற்றை இணையத்தில் கட்ட உதவும் ஒரு செயலி. பணம் கட்டியதும் பிடிஎஃப் ரசீது வரும். அதில் பெயரைத் தமிழில் பதிந்தவர்களுக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் அச்சாகின்றன. டிக்கெட் எண் BILL-212. அதைச் செய்யப் போவது நீங்கள்.

டிக்கெட் பிறக்கும் இடம்

வாடிக்கையாளர் சேவையில் புகார் வருகிறது. சோதனை செய்பவர் அதை உறுதிப்படுத்தி Create பொத்தானை அழுத்துகிறார். வகை Bug. தலைப்பு, படிகள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்துச் சேமிக்கிறார். இப்படி உருவாகும் ஒவ்வொன்றையும் பழைய திரைகளில் Issue என்றும், புதிய திரைகளில் Work item என்றும் ஜிரா அழைக்கும். அலுவலகத்தில் எல்லோரும் டிக்கெட் என்றுதான் சொல்வார்கள்.

சேமித்த கணத்தில் அது யாருக்கும் வேலை ஆகிவிடவில்லை, பேக்லாக்கில் போய் உட்காருகிறது. பேக்லாக் என்பது இந்தத் தயாரிப்பில் செய்யக்கூடியவை என்று பதியப்பட்ட எல்லாவற்றின் வரிசை. கல்லூரியில் இதே சொல்லை அரியருக்குச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் கொஞ்சம் உறுத்தும். இங்கே யாரும் எதிலும் தோற்கவில்லை. பேக்லாக்கில் 300 டிக்கெட் இருப்பது அணி பின்தங்கியதற்கு அடையாளமும் இல்லை. அவற்றில் பலவற்றை யாரும் எப்போதும் செய்யப்போவதில்லை என்பதும் உண்மை.

பேக்லாக்கில் கவனிக்க வேண்டியது வரிசைதான். மேலே இருப்பது முதலில் செய்யப்படும். அந்த வரிசையை முடிவு செய்பவர் பிராடக்ட் ஓனர். ஜிராவின் பேக்லாக் திரையில் டிக்கெட்டை இழுத்து மேலே வைத்தால் வரிசை உடனே மாறிவிடும், "உறுதியா?" என்று கேட்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சுட்டியை வைத்து உருட்டிப் பார்க்கும்போது தெரியாமல் இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். உங்கள் கை பட்டு ஏதாவது நகர்ந்தால் மறைக்காமல் லீடிடம் சொல்லிவிடுங்கள்.

மேலே இருக்கும் பத்துப் பதினைந்து டிக்கெட்டுகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கீழே போகப் போக ஒற்றை வரித் தலைப்பு மட்டும் மிஞ்சும். இது அலட்சியம் இல்லை. மூன்று மாதம் கழித்துச் செய்யலாமா வேண்டாமா என்பதே தெரியாத ஒன்றுக்கு இன்றே பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வீண். வாரம் ஒருமுறை நடக்கும் ரிஃபைன்மென்ட் கூட்டத்தில் மேலே வந்தவற்றைத் தெளிவாக்குவார்கள். நம் BILL-212க்கும் அங்கேதான் ஏற்பு நிபந்தனைகள் எழுதப்பட்டன: செல்வி என்ற பெயர் ரசீதில் சரியாக வர வேண்டும், ஆங்கிலப் பெயர்களின் தோற்றம் மாறக் கூடாது.

உங்கள் அணியின் பேக்லாக்கை வரிசைப்படி பார்க்க, ஜிராவின் தேடல் பக்கத்தில் JQL என்பதைத் தேர்ந்து இதை ஒட்டிப் பாருங்கள். BILL என்ற இடத்தில் உங்கள் புராஜெக்ட்டின் குறியை வையுங்கள்.

```
project = BILL AND (sprint is EMPTY OR sprint not in (openSprints(), futureSprints())) AND statusCategory != Done ORDER BY Rank ASC
```

ஸ்பிரிண்டுக்குள் வருவது

ஸ்பிரிண்ட் என்பது நீளம் மாறாத ஒரு காலக்கட்டம். வேலையை இப்படிக் காலக்கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையை வகுத்த கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்கிரம் கையேடு 2010ல் முதலில் வந்தது, 2020ல் திருத்தப்பட்டது. ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. பெரும்பாலான அணிகள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன, அதாவது 10 வேலை நாட்கள். நடுவில் பொங்கல் வந்தால் நாட்கள் குறையும், ஸ்பிரிண்ட் நீளாது. எடுத்துக்கொள்ளும் வேலையைத்தான் குறைப்பார்கள்.

முதல் நாள் ஸ்பிரிண்ட் பிளானிங் கூட்டம். பிராடக்ட் ஓனர் பேக்லாக்கின் மேலே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்வார், எவ்வளவு எடுக்க முடியும் என்பதை அணி சொல்லும். BILL-212 வரும்போது உங்களிடம் எத்தனை பாயின்ட் என்று கேட்பார்கள். வழக்கமாக 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவை மணிக்கணக்கும் இல்லை, நாட்கணக்கும் இல்லை. அணி ஏற்கெனவே முடித்த ஏதோ ஒரு டிக்கெட்டை 2 என்று வைத்தால், அதோடு ஒப்பிட இது எவ்வளவு பெரிது, எவ்வளவு தெரியாதது நிறைந்தது என்பதற்கான அளவு. எழுத்துருவை மாற்றினால் போதும் என்று எல்லோரும் நினைத்ததால் BILL-212க்கு 3 என்று போட்டார்கள். முதல் ஸ்பிரிண்டில் உங்களுக்கு எண்ணே தோன்றாவிட்டால் "எனக்கு இந்தப் பகுதி தெரியாது, பெரிதாகத்தான் படுகிறது" என்று சொல்வதே அங்கே உருப்படியான தகவல்.

ஸ்கிரம் கையேட்டில் பாயின்ட் என்ற பேச்சே கிடையாது. அணிகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட பழக்கம் அது. அதனால் ஒரு நிறுவனத்தின் 5 பாயின்ட்டை இன்னொரு நிறுவனத்தின் 5 பாயின்ட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கூட்டம் முடிந்து Start sprint அழுத்தியதும், எடுத்த டிக்கெட்டுகள் போர்டில் தெரியும். To Do, In Progress, In Review, Testing, Done என்று செங்குத்தான நிரல்கள். நிரல்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வலது ஓரத்தில் இருக்கும் கடைசி நிரலுக்கு வந்தால்தான் ஒரு டிக்கெட் முடிந்ததாக ஜிரா கணக்கிடும். கோடிங் முடித்து Testing நிரலில் நிற்கும் டிக்கெட், ஸ்பிரிண்ட் முடியும்போது முடியாத டிக்கெட்டுகளின் பட்டியலில்தான் வரும். 3 பாயின்ட்டில் 2 பாயின்ட் முடிந்தது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

புதியவர்கள் முதல் ஸ்பிரிண்டில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பிரிண்டின் கடைசி நாளை நமக்கான கெடு என்று நினைத்து, இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியம் கோடிங்கை அனுப்புவார்கள். அதை ஒருவர் ரிவ்யூ செய்ய வேண்டும், திருத்தம் சொன்னால் மாற்ற வேண்டும், சோதனை செய்பவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். 10 நாளில் ஏழாம் நாளுக்குள் ரிவ்யூவுக்குப் போகாத டிக்கெட் அந்த ஸ்பிரிண்டில் முடிவது அரிது என்பது என் கணிப்பு. அணிக்கு அணி ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.

உங்கள் பெயரில் இப்போது ஓடும் ஸ்பிரிண்டில் என்ன மிச்சம் என்பதற்கு இந்தத் தேடலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கூட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

```
assignee = currentUser() AND sprint in openSprints() AND statusCategory != Done
```

ஸ்பிரிண்ட் நடுவில் யாராவது வந்து "சின்ன வேலைதான், இதையும் பார்த்துடுப்பா" என்று சொன்னால் நேராக முடியாது என்று சொல்ல முதல் வேலையில் யாருக்கும் வாய் வராது. டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள், லீடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். ஓடும் ஸ்பிரிண்டில் புதிதாகச் சேர்க்கும் டிக்கெட்டைப் பிறகு வரும் ஸ்பிரிண்ட் அறிக்கையில் ஜிரா நட்சத்திரக் குறியிட்டுத் தனியாகக் காட்டும். இடையில் என்ன நுழைந்தது என்பது அங்கே தெரியும். டிக்கெட்டே இல்லாமல் செய்த வேலை எங்கேயும் தெரியாது, உங்கள் BILL-212 தாமதமானது மட்டும் தெரியும்.

நான்காம் நாள்: எது பிளாக்கர், எது இல்லை

வேலை தொடங்குகிறது. பிடிஎஃப் தயாரிக்கும் லைப்ரரி இயல்பாகப் பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை, கட்டங்கள் வந்ததற்கு அதுதான் காரணம். இரண்டாம் நாள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்கிறீர்கள். கட்டங்கள் போய் எழுத்துகள் வருகின்றன. மூன்றாம் நாள் சோதித்துப் பார்த்தால் செல்வியின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்திருக்கிறது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, காட்டும்போது முன்னால் நகர்த்தப்பட வேண்டியவை. எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துக் கோக்கும் பகுதியும் வேண்டும் என்பது நான்காம் நாள்தான் தெரிகிறது. அணி பயன்படுத்தும் பிடிஎஃப் லைப்ரரி iText. அதில் இந்த வேலையைச் செய்யும் pdfCalligraph தனியாக உரிமம் வாங்க வேண்டிய துணைப்பொருள்.

இப்போது நீங்கள் பிளாக் ஆகியிருக்கிறீர்களா? காரணம் தெரியாமல் மூன்றாம் நாள் மாலை முழுக்கத் திணறியபோது இல்லை. அது கஷ்டம். கஷ்டத்துக்குத் தேவை உதவி. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் தீரக்கூடியது. இப்போதைய நிலை வேறு. உரிமம் வாங்க அனுமதி தருவது, சர்வர்களையும் பொதுக் கருவிகளையும் கவனிக்கும் பிளாட்ஃபார்ம் அணி. உங்கள் அணியில் யார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர்கள் அசையாமல் டிக்கெட் நகராது. நகர வேண்டியவர் அணிக்கு வெளியே இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது பிளாக்கர்.

கஷ்டத்தைப் பிளாக்கர் என்று சொன்னால் இரண்டு முறைக்குப் பிறகு உங்கள் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிளாக்கரைக் கஷ்டம் என்று நினைத்து நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் வைத்திருப்பது அதைவிட மோசம். புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒரே சொல், மூன்று இடம்

ஜிராவில் பிளாக்கர் என்ற சொல்லைத் தொடும் இடங்கள் மூன்று. மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. இதைக் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத கலவரம் உண்டாகும்.

முதலாவது Priority. பழைய ஜிராவில் இயல்பான முன்னுரிமைகள் Blocker, Critical, Major, Minor, Trivial. பிறகு வந்தவற்றில் Highest முதல் Lowest வரை. பழைய பெயர்களையே வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் நிறைய. அங்கே Blocker என்றால் இது சரியாகாமல் வெளியீடே போகாது என்று பொருள். யாராலும் உள்நுழைய முடியவில்லை, பணம் இரண்டு முறை கழிகிறது, இப்படிப்பட்டவை. நீங்கள் வேலை செய்ய முடியாமல் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் நிற்கிறேன் என்று சொல்ல நினைத்து BILL-212இன் Priorityயை Blocker என்று மாற்றினால், ரிலீஸ் மேனேஜருக்கு அறிவிப்பு போய் வெளியீட்டை நிறுத்தணுமா என்று தொலைபேசி வரலாம். இந்தப் புலத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

இரண்டாவது இணைப்பு. ஒரு டிக்கெட் இன்னொன்றைத் தடுக்கிறது என்று பதியும் இடம். உரிமம் வாங்கச் சொல்லி பிளாட்ஃபார்ம் அணியின் புராஜெக்ட்டில் ஒரு டிக்கெட் உருவாக்குகிறீர்கள், PLAT-88 என்று வைத்துக்கொள்வோம். பிறகு BILL-212ஐத் திறந்து இணைப்பு சேர்க்கும் இடத்தில் is blocked by என்பதைத் தேர்ந்து PLAT-88 என்று கொடுக்கிறீர்கள். PLAT-88ஐத் திறந்தால் அங்கே blocks BILL-212 என்று தானாகத் தெரியும். திசை தலைகீழாகப் போவது சகஜம். அதனால் சேமித்ததும் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்: "212ஐத் தடுப்பது 88". திரையும் அதையே சொன்னால் சரி. இணைப்புப் போட்டதாலேயே அந்த அணி உங்கள் வேலையைத் தொடங்கிவிடாது, டிக்கெட்டை அடுத்த நிரலுக்கு நகர்த்துவதையும் ஜிரா தானாகத் தடுக்காது. அது வெறும் பதிவு.

மூன்றாவது கொடி. போர்டில் டிக்கெட் அட்டையின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் Add flag என்று வரும். அழுத்தினால் அட்டை நிறம் மாறிக் கொடி தெரியும். காலைக் கூட்டத்தில் போர்டைப் பார்க்கும் எல்லோர் கண்ணும் அங்கே போகும். நிற்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். இந்தக் கொடி உள்ளே Impediment என்ற மதிப்பாகச் சேமிக்கப்படுவதால் அணியில் தடைபட்ட எல்லாவற்றையும் இப்படித் தேடலாம்:

```
project = BILL AND Flagged = Impediment AND statusCategory != Done
```

கொடியோடு எழுத வேண்டிய குறிப்பு

கொடி மட்டும் போட்டால் என்ன ஆச்சு என்று பத்துப் பேர் கேட்பார்கள். கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். வாடிக்கையாளர் தரப்பும் படிப்பதால் பல அலுவலகங்களில் அதை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். எந்த மொழியானாலும் உள்ளடக்கம் ஒன்றுதான். எது நிற்கிறது, என்ன முயன்றாகிவிட்டது, யார் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், அதுவரை நான் என்ன செய்கிறேன் என்பவை அதில் இருக்க வேண்டும்.

"வேலை செய்யவில்லை, லைப்ரரி பிரச்சினை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினால் படிப்பவர் செய்ய எதுவுமில்லை. BILL-212க்கு எழுத வேண்டியது இப்படி:

"எழுத்துரு பொதிக்கப்பட்டது, கட்டங்கள் வருவது நின்றது. ஆனால் கொம்பு வரும் பெயர்களில் குறி இடம் மாறி அச்சாகிறது, மாதிரி ரசீது இணைப்பில். எழுத்துருவை மாற்றியும் பார்த்தேன், அதே விளைவு. இதைச் சரிசெய்ய pdfCalligraph உரிமம் தேவை, PLAT-88இல் கேட்டிருக்கிறேன். திங்கள் மாலைக்குள் பிளாட்ஃபார்ம் அணி ஆம், இல்லை என்று சொன்னால் இந்த ஸ்பிரிண்டில் முடிக்க வாய்ப்பு உண்டு. அதுவரை சோதனைக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறேன், பிறகு BILL-219 எடுக்கிறேன்."

பிளாட்ஃபார்ம் அணியில் முடிவெடுப்பவரின் பெயரை @ போட்டுச் சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் லீடைக் கேளுங்கள். அணியின் பொதுப் பெயருக்கு எழுதுவது பெரும்பாலும் யாருக்கும் எழுதாததற்குச் சமம்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இதையே சுருக்கிச் சொன்னால் போதும். கூட்டத்துக்கு மொத்தம் 15 நிமிடம், ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். "212 நிக்குது. உரிமம் வேணும், 88ல கேட்டிருக்கேன். யார்கிட்ட பேசணும்னு கூட்டம் முடிஞ்சதும் சொல்லுங்க" என்றால் லீடுக்கு வேலை தெரிந்துவிடும். கொம்பு ஏன் பின்னால் விழுகிறது என்ற விளக்கத்தை அங்கே தொடங்க வேண்டாம்.

கூட்டம் முடிந்து பேசியபோது லீட் கேட்ட கேள்வி இது: "வேற வழியே இல்லையா? எச்டிஎம்எல்லா ரசீத எழுதி குரோம் வழியா பிடிஎஃப் எடுத்தா?" குரோமுக்கு எழுத்துக் கோக்கத் தெரியும் என்பதால் அது உண்மையிலேயே ஒரு வழி. ஆனால் சர்வரில் குரோம் நிறுவ வேண்டும், அதற்கும் பிளாட்ஃபார்ம் அணிதான். ஆகவே PLAT-88இல் இரண்டு வழிகளையும் எழுதி, எது உங்களுக்கு எளிது என்று கேட்கிறீர்கள். ஒரே கோரிக்கையை வைத்துக் காத்திருப்பதைவிட இப்படித் தேர்வு கொடுத்துக் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

ஸ்பிரிண்ட் முடியும் நாள்

எட்டாம் நாள் பதில் வருகிறது: குரோம் நிறுவித் தருகிறோம், அடுத்த வாரம். அன்றே லீடிடமும் பிராடக்ட் ஓனரிடமும் 212 இந்த ஸ்பிரிண்டில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பத்தாம் நாள் போர்டைப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கும்வரை விட வேண்டாம்.

Complete sprint அழுத்தும்போது, முடியாதவற்றை எங்கே அனுப்புவது என்று ஜிரா கேட்கும்: பேக்லாக்குக்கா, அடுத்த ஸ்பிரிண்டுக்கா? அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தானாகத் தள்ளிவிடுவது பல அணிகளின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. இரண்டு வாரம் கழித்தும் இது முக்கியம்தானா என்ற கேள்வி அப்போது கேட்கப்படாமலே போகிறது. தமிழ்ப் பெயர் தப்பாக வருவது இன்னும் புகாராக வருகிறது என்பதால் நம் 212ஐ பிராடக்ட் ஓனர் அடுத்த ஸ்பிரிண்டுக்கே எடுக்கிறார். ஆனால் வேலையின் தன்மை மாறிவிட்டது. எழுத்துரு மாற்றுவது என்று நினைத்த 3 பாயின்ட், இப்போது ரசீதை எச்டிஎம்எல்லில் மறுபடி எழுதுவது. பிளானிங்கில் அதை 5 என்று மாற்றுகிறார்கள். முதலில் 3 போட்டதற்காக அங்கே யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த அணியில் பாயின்ட்டை வேறு எதற்கோ பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம்.

PLAT-88 முடிந்த அறிவிப்பு வந்ததும் செய்ய வேண்டியவை: சர்வரில் குரோம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று ஒரு மாதிரி ரசீது எடுத்துப் பாருங்கள். மற்ற அணியின் டிக்கெட் Done என்பதும் உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கிடைத்திருந்தால் Remove flag அழுத்தி, தடை நீங்கியது என்று ஒரு வரி எழுதி, அட்டையை In Progressக்கு நகர்த்துங்கள். is blocked by இணைப்பை அழிக்க வேண்டாம். இத்தனை நாள் எங்கே போயிற்று என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் அதைச் சொல்ல அந்த இணைப்பு அங்கே இருக்க வேண்டும்.